கொப்பி நடுவில் கரண்ட் போனால் டிஸ்க்குக்கு என்ன ஆகும்?

“கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுக்கிறேன். நேற்று இரவு கமராச் சிப்பிலிருந்து 4 டெராபைட் வெளி டிஸ்க்குக்கு கொப்பி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மக்புக் பற்றரியில் நின்றது, ஆனால் ‘Disk Not Ejected Properly’ என்று ஒரு செய்தி வந்தது. கரண்ட் வந்த பிறகு டிஸ்க்கின் லைட் மின்னுகிறது, ஃபைண்டரில் மட்டும் டிஸ்க்கைக் காணவில்லை. யாழ்ப்பாணத்தில் அல்பம் செய்பவரிடம் விண்டோஸ் என்பதால் எக்ஸ்ஃபாட்டில்தான் ஃபோர்மற் பண்ணியிருந்தேன். இரண்டு வருட வேலை அதற்குள் இருக்கிறது. என்ன பழுது ஆகியிருக்கும்?”

லைட் மின்னிக்கொண்டிருக்கும்வரை அந்த டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். வயரைக் கழற்ற வேண்டாம், மக்கை ரீஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டிஸ்க் சாகவில்லை. மக் அதைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. சோதித்து முடியும்வரை ஃபைண்டரில் காட்டாது. உங்களைப் போல வந்தவர்களில் தரவை உண்மையாகவே இழந்தவர்கள் பெரும்பாலும் கரண்ட் போன நேரத்தில் இழக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரத்தில், பதற்றத்தில் கழற்றிக் கழற்றிச் செருகித்தான் இழந்தார்கள்.

அந்தச் செய்தியைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், அது எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். “திறந்து வைத்திருந்த டிஸ்க் ஒன்று சொல்லாமல் போய்விட்டது” என்பது மட்டும்தான் அதன் பொருள். பழுது இருக்கிறதா இல்லையா என்பது அந்த நேரத்தில் மக்குக்கே தெரியாது. சும்மா கிடந்த டிஸ்க்கின் வயரை யாராவது காலால் தட்டிக் கழற்றினாலும் இதே செய்திதான் வரும், அப்போது அநேகமாக ஒன்றுமே ஆகியிருக்காது. போன அந்தக் கணத்தில் என்ன எழுதப்பட்டுக்கொண்டிருந்தது, டிஸ்க் எந்த ஃபோர்மற், இந்த இரண்டும்தான் கேள்வி. உங்கள் விஷயத்தில் இரண்டுமே கொஞ்சம் பாதகம்.

சங்கக்கடைக் களஞ்சியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லொறியில் நெல் மூட்டை வருகிறது, ஆட்கள் உள்ளே அடுக்குகிறார்கள், மனேஜர் புத்தகத்தில் பதிகிறார். மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. கொப்பி பண்ணும்போதும் அப்படித்தான். வீடியோவின் ஒரு பகுதி இன்னும் மக்கின் நினைவகத்தில் இருக்கும், ஒரு பகுதி டிஸ்க்கின் சொந்த இடைநினைவில் இருக்கும், ஒரு பகுதி தட்டில் எழுதியாயிற்று. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகம் வேறு தனியாக எழுதப்படும். இஜெக்ட் அழுத்தும்போது மக் செய்வது இதைத்தான்: லொறியில் மிச்சமிருப்பதை எல்லாம் இறக்கி, புத்தகத்தை முடித்து, கதவைப் பூட்டிய பிறகு “போகலாம்” என்கிறது. நேற்று இரவு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மூட்டை உள்ளே போய்ப் புத்தகத்தில் ஏறாமல் இருந்திருக்கலாம். புத்தகத்தில் ஏறி மூட்டை வராமலும் இருந்திருக்கலாம்.

மக்கின் சொந்த ஃபோர்மற்றுகள் இதற்குத் தயாரானவை. பழைய ‘Mac OS Extended (Journaled)’ எதையும் முதலில் ஒரு குறிப்புக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் புத்தகத்தில் ஏற்றும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் பழைய பக்கத்தை அழிக்காமல் புதுப் பக்கத்தில் எழுதி, எழுதி முடிந்த பிறகு பக்கத்தை மாற்றும். நடுவில் கரண்ட் போனாலும் கணக்கு ஏதோ ஒரு நல்ல நிலையில் நிற்கும். எக்ஸ்ஃபாட்டில் குறிப்புக் கொப்பி கிடையாது. நேராகப் புத்தகத்தில் எழுதும், அடித்துத் திருத்தும். அது செய்யும் ஒரே முன்னெச்சரிக்கை, எழுதத் தொடங்கும்போது டிஸ்க்கின் முகப்பில் “வேலை நடக்கிறது” என்று ஒரு அடையாளம் போடுவதுதான். ஒழுங்காக இஜெக்ட் பண்ணினால் அந்த அடையாளம் நீங்கும். உங்கள் டிஸ்க்கில் அது இன்னும் நீங்கவில்லை.

அந்த அடையாளத்தைக் கண்டதும் மக் உங்களிடம் கேட்காமலே `fsck_exfat` என்ற சோதனையைப் பின்னணியில் ஓட்டும். அது முழுப் புத்தகத்தையும் வரி வரியாகப் பார்த்து, பிழையானவற்றைத் திருத்தியும் வைக்கும். சில ஜிகாபைட் பென் டிரைவ் என்றால் சில விநாடி. 4 டெராபைட் சுழலும் டிஸ்க்கில் இரண்டு வருடக் கிளிப்புகள் என்றால் மணிக்கணக்கில் போகலாம். இவ்வளவு பெரிய வேலை நடக்கும்போது திரையில் ஒரு வார்த்தை கூட வராது. இது மக்கின் பெரிய குறை என்பது என் அபிப்பிராயம். “சோதிக்கிறேன், பொறுங்கள்” என்று ஒரு வரி காட்டியிருந்தால் எத்தனையோ டிஸ்க் தப்பியிருக்கும்.

ஓடுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். டேர்மினலைத் திறந்து இவற்றை அடியுங்கள்:

```
diskutil list external
ps ax | grep fsck_exfat
```

முதல் கட்டளையில் உங்கள் டிஸ்க் `disk4` போன்ற ஒரு பெயரோடும் 4.0 டெராபைட் அளவோடும் வந்தால், மக் அதை அடையாளம் கண்டுவிட்டது, வன்பொருள் பேசுகிறது என்று அர்த்தம். எக்ஸ்ஃபாட் டிஸ்க்குக்கு எதிரே சில வேளை `Windows_NTFS` என்றும் சில வேளை `Microsoft Basic Data` என்றும் இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், எக்ஸ்ஃபாட்டுக்கும் அந்த முத்திரைதான். இரண்டாவது கட்டளை எப்படியும் ஒரு வரி தரும், ஏனென்றால் `grep` தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். அதற்கு மேலே `fsck_exfat` என்று வேறொரு வரியும் இருந்தால் சோதனை ஓடுகிறது. சார்ஜரைச் செருகி, மூடியைத் திறந்தபடி விட்டு, `caffeinate -i` என்று இன்னொரு டேர்மினல் விண்டோவில் அடித்துவிட்டுப் படுக்கப் போங்கள். மக்கைத் தூங்கவிடாமல் அது பார்த்துக்கொள்ளும்.

வற்றாப்பளைப் பொங்கல் முழுவதையும் எடுத்த ஒரு தம்பி முல்லைத்தீவிலிருந்து இப்படி ஒரு டிஸ்க்கைக் கொண்டு வந்தார். “காட்டுதில்லை அண்ணை” என்று சொல்லி ஐந்தாறு முறை கழற்றிச் செருகியிருந்தார். ஒவ்வொரு முறையும் சோதனை தொடங்கும், பத்து நிமிடத்தில் அவர் இழுத்துவிடுவார், திரும்ப முதலிலிருந்து. நான் செய்த வைத்தியம் டிஸ்க்கைச் செருகிவிட்டுத் தேத்தண்ணி குடித்ததுதான். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு தானாகவே ஃபைண்டரில் வந்து நின்றது. போனது இரண்டு கிளிப். அவற்றில் ஒன்று, அவர் நடுவில் இழுத்த ஒரு தடவையில் போனது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அது கரண்ட் போன அன்று எடுத்ததே இல்லை, முந்தின மாதத்துக் கோப்பு.

ஒரு இரவு முழுக்க விட்டும் வரவில்லை, அவசரமாக உள்ளே இருப்பதை எடுத்தே ஆக வேண்டும் என்றால் `sudo pkill -f fsck` என்று அடித்துச் சோதனையை நிறுத்தலாம். டிஸ்க் பெரும்பாலும் உடனே தோன்றும். ஆனால் அது திருத்திக்கொண்டிருக்கும் கையைப் பிடித்து இழுப்பது போன்றது, பாதியில் திருத்தின கணக்கு பாதியிலேயே நிற்கும். அப்படித் தோன்றிய டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள், வேறு டிஸ்க்குக்கு எடுப்பதற்கு மட்டும் பாவியுங்கள். இன்னொரு வழி, அந்த யாழ்ப்பாணத்து விண்டோஸ் கணினியில் செருகி `chkdsk E: /f` ஓட்டுவது, டிரைவ் எழுத்தை மட்டும் அங்கே உள்ளபடி மாற்றிக்கொண்டு. என் அனுபவத்தில் எக்ஸ்ஃபாட்டுக்கு அது மக்கை விட வேகம். சொந்தக்காரன் இல்லாத துண்டுகளை `FOUND.000` என்ற ஃபோல்டருக்குள் `.CHK` கோப்புகளாகப் போட்டுவைக்கும். அவற்றைப் பார்த்ததும் குப்பை என்று அழித்துவிடாதீர்கள், உங்கள் கிளிப்பின் துண்டு அதற்குள் இருக்கலாம்.

சரி, டிஸ்க் வந்துவிட்டது. இரண்டு வருட வேலையும் இருக்கிறது போலத் தெரிகிறது. இப்போது டிஸ்க் யூட்டிலிட்டியில் ‘First Aid’ ஓட்டினால் ‘appears to be OK’ என்று வரும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது புத்தகம் சரி என்று மட்டும்தான் சொல்கிறது. மூட்டையைப் பிரித்து உள்ளே நெல் இருக்கிறதா, உமி இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. கோப்பின் பெயர் சரி, அளவும் சரி, கடைசி நூறு மெகாபைட் வெறும் பூச்சியமாக இருக்கக்கூடும்.

ஆகவே நேற்று இரவு கொப்பியான ஃபோல்டரை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். பழைய கிளிப்புகள் அநேகமாகத் தப்பியிருக்கும், ஏனென்றால் அவற்றில் யாரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஃபைண்டரில் அந்த ஃபோல்டரைப் பட்டியலாக வைத்து ‘Date Created’ பத்தியைப் பாருங்கள். ஏதாவது கிளிப் 1984 ஜனவரி 24 என்று காட்டினால், பெயரும் மங்கலாக இருந்தால், கொப்பி நடுவில் அறுந்தது அதுதான். கொப்பியாகிக்கொண்டிருக்கும் கோப்புக்கு ஃபைண்டர் அந்தத் தேதியைத்தான் அடையாளமாகப் போட்டுவைக்கும், முடிந்ததும் உண்மையான தேதியை எழுதும். முதல் மக்கின்டோஷ் வெளிவந்த நாள் அது, அப்பிளில் யாரோ குறும்புக்கு வைத்தது இன்னும் நிற்கிறது. அந்தக் கிளிப்பை அழித்துவிட்டுச் சிப்பிலிருந்து திரும்பப் போடுங்கள்.

ஆனால் அதற்கு முதல் கொப்பியான ஓரிரு கிளிப்பும் சந்தேகத்துக்கு உரியவைதான். ஃபைண்டர் “முடிந்தது” என்று நினைத்துத் தேதியை எழுதியிருக்கும், கடைசித் துண்டு தட்டில் இறங்கியிருக்காது. இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சிப்பை இன்னும் ஃபோர்மற் பண்ணவில்லை என்றால் (பண்ணவில்லை என்று நம்புகிறேன்) அதை மக்கில் போட்டு, இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்:

```
diff -rq /Volumes/EOS_DIGITAL/DCIM /Volumes/KALYANAM/DCIM
```

சிப்பின் பெயரையும் டிஸ்க்கின் பெயரையும் உங்களுடையது எதுவோ அதற்கு மாற்றுங்கள். டேர்மினல் டிஸ்க்கைப் பார்க்க அனுமதி கேட்டால் கொடுங்கள். 64 ஜிகாபைட் சிப் ஒன்றை விநாடிக்கு 90 மெகாபைட் வேகத்தில் படித்தால் பன்னிரண்டு நிமிடம் அளவு எடுக்கும், அதுவரை திரை சும்மா இருக்கும். முடிவில் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் எல்லாம் அச்சு அசலாக ஒன்று. `differ` என்று வரும் கிளிப்தான் பழுது. `Only in` என்று வந்து சிப்பின் பெயர் இருந்தால் அது கொப்பியாகவே இல்லை. `._` என்று தொடங்கும் பெயர்கள் டிஸ்க் பக்கத்தில் மட்டும் இருப்பதாக வந்தால் விட்டுவிடுங்கள், எக்ஸ்ஃபாட்டில் மக் தன் குறிப்புகளை அப்படித்தான் வைக்கும்.

சிப்பை ஏற்கனவே ஃபோர்மற் பண்ணிவிட்ட ஒருவருக்கு நிலைமை கஷ்டம், ஆனாலும் கைவிட வேண்டியதில்லை. பல கமராக்கள் எம்பி4 கிளிப்பின் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுகின்றன. அந்த வால் அறுந்தால் முழு வீடியோவும் உள்ளே இருந்தும் குவிக்டைம் “திறக்க முடியாது” என்று சொல்லிவிடும். அதே கமராவில் அதே செற்றிங்கில் எடுத்த நல்ல கிளிப் ஒன்று கையில் இருந்தால், `untrunc` என்ற இலவச மென்பொருள் அதைப் பார்த்து அட்டவணையைத் திரும்பக் கட்டிப் பார்க்கும். தாலி கட்டும் கிளிப் ஒன்றை இப்படி மீட்டிருக்கிறேன், கடைசி நான்கு விநாடி மட்டும் வரவில்லை.

இனி டிஸ்க்கின் உடம்புக்கு வருவோம். சுழலும் டிஸ்க்கில் கரண்ட் திடீரென்று போனால், தட்டு சுற்றும் மிச்ச வேகத்தையே மின்சாரமாக எடுத்து, படிக்கும் தலை ஒதுங்கிக்கொள்ளும்படிதான் இப்போதைய டிஸ்க்குகளைச் செய்கிறார்கள். ஆகவே ஒரு தடவை கரண்ட் போனதால் தட்டு கீறுப்படாது. மோசமானது வேறு. எங்கள் பக்கம் கரண்ட் வரும்போது ஒரேயடியாக வருவதில்லை, வந்து போய், வந்து போய், பிறகுதான் நிற்கும். ஒவ்வொரு முறையும் டிஸ்க் சுழலத் தொடங்கி நடுவில் சாகும். கரண்ட் போனதும் முதல் வேலையாக டிஸ்க்கின் அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், வந்து ஐந்து நிமிடம் நிலைத்து நின்ற பிறகு செருகுங்கள்.

காதையும் பாவியுங்கள். நல்ல டிஸ்க் ஒரே சீராக இரையும். டக், டக், டக் என்று ஒழுங்கான இடைவெளியில் தட்டும் சத்தம் வந்தாலோ, சுழலத் தொடங்கி நின்று திரும்பத் தொடங்கினாலோ, மேலே சொன்ன எந்தக் கட்டளையும் உங்களுக்கு இல்லை. உடனே கழற்றுங்கள். அது கணக்குப் புத்தகப் பிழை இல்லை, தலை பழுது. ‘First Aid’ ஓட்ட ஓட்டத் தட்டு தேயும். அதைத் தரவு மீட்பு செய்யும் இடத்துக்குக் கொடுப்பதுதான் வழி, செலவும் சின்னதல்ல.

சத்தம் இல்லை, ஆனால் ‘The disk you attached was not readable by this computer’ என்று வந்தால், அதிலுள்ள ‘Initialize…’ பட்டன்தான் ஆபத்து. விண்டோஸிலும் இதே கதை, ஃபோர்மற் பண்ணச் சொல்லும். இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். ‘Ignore’ கொடுத்து, முதலில் `chkdsk` ஓட்டிப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் வேறொரு டிஸ்க்குக்கு மீட்கலாம். பெயர்கள் எல்லாம் போய்விடும், ஆயிரக்கணக்கான கிளிப்புக்கு நீங்களே பெயர் வைக்க வேண்டிவரும், ஆனால் படம் வரும்.

கரண்ட் போகாமலே, யாரும் தொடாமலே இந்தச் செய்தி அடிக்கடி வருகிறதென்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள், பிறகு இடையில் ஹப் இருந்தால் அதை விட்டு நேராக மக்கில் செருகுங்கள். மக் தூங்கி எழும்போது மட்டும் வந்தால், பற்றரி செற்றிங்கில் ‘Put hard disks to sleep when possible’ என்பதை நிறுத்திப் பார்க்கலாம். யூஎஸ்பி ஓட்டைக்குள் செம்மண் தூசி இறுகியிருப்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன், மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் போதும்.

உங்களுக்கு அடுத்த தடவை இது நடக்காமல் இருக்க இரண்டு மாற்றம் சொல்வேன். கணக்கைப் பாருங்கள்: மக்புக்கில் பற்றரி இருந்தது, டிஸ்க்கில் இல்லை. 4 டெராபைட் பெரிய டிஸ்க் தன் சொந்த 12 வோல்ட் அடப்டரில் ஓடுகிறது, அதனால்தான் கரண்ட் போன அதே கணத்தில் அது மட்டும் செத்தது. யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கும் சின்ன 2.5 அங்குல டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ வைத்துக் கொப்பி பண்ணியிருந்தால் மக்கின் பற்றரியே அதையும் தாங்கியிருக்கும், கரண்ட் போனதே டிஸ்க்குக்குத் தெரிந்திருக்காது. சிப்பிலிருந்து முதலில் அதற்கு எடுங்கள், பெரிய டிஸ்க்குக்குப் பிறகு மாற்றுங்கள். அந்தச் சின்ன டிஸ்க் மக்கில் மட்டும் வேலை செய்தால் போதும் என்பதால் எக்ஸ்ஃபாட் வேண்டாம். சுழலும் டிஸ்க் என்றால் ‘Mac OS Extended (Journaled)’, எஸ்எஸ்டி என்றால் ஏபிஎஃப்எஸ். எக்ஸ்ஃபாட்டை யாழ்ப்பாணத்துக்குக் கொடுத்தனுப்பும் டிஸ்க்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டிஸ்க்குக்கு யூபிஎஸ் வாங்குவதென்றால் ரவுட்டருக்கு விற்கும் சின்ன 12 வோல்ட் பெட்டியை யோசிக்காமல் வாங்காதீர்கள். முதலில் டிஸ்க்கின் அடப்டரைத் திருப்பி எத்தனை அம்பியர் என்று பாருங்கள். பெரிய டிஸ்க் சுழலத் தொடங்கும் முதல் சில விநாடியில்தான் அதிகம் இழுக்கும். பெட்டி தருவது அதற்குக் குறைவென்றால் டிஸ்க் எழும்பாது, அல்லது எழும்பி விழும், அப்போது கரண்ட் இருக்கும்போதே உங்களுக்கு இதே செய்தி வரத் தொடங்கும். கொம்பியூட்டருக்கு வைக்கும் சாதாரண யூபிஎஸ் ஒன்றில் அந்த அடப்டரை மட்டும் செருகினால் போதும், கொப்பியை நிறுத்தி இஜெக்ட் பண்ண வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கும். இஜெக்ட் கொடுத்தும் “வேறொரு மென்பொருள் பாவிக்கிறது” என்று விடாமல் நின்றால், இழுக்காதீர்கள், மக்கை ஒழுங்காக ஷட்டவுன் பண்ணி அணைந்த பிறகு கழற்றுங்கள்.